செலவு குறைந்தது, ஆனால் சிக்கனம் இல்லை

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம். வெட்டிய துணி ஏற்றுமதியாளரிடமிருந்து கட்டுக்கட்டாக வரும். ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் தைத்து, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, பேக் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். பீஸுக்கு 32 ரூபாய் கூலி. கீழே வரும் எண்களை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு செலவும் உற்பத்தியோடு சேர்ந்து எப்படி ஏறி இறங்குகிறது என்பது அந்த ஊரில் பனியன் கம்பெனி நடத்துகிற எவருக்கும் பழக்கமான விஷயம்தான்.

மாதம் 50,000 பீஸ் தைப்போம் என்று முதலாளி திட்டமிடுகிறார். தையல் சம்பளம் பீஸுக்கு 14 ரூபாய் வீதம் 7,00,000. நூல், லேபிள், ஊசி, எண்ணெய் ஆகியவற்றுக்கு 2 ரூபாய் வீதம் 1,00,000. செக்கிங், அயர்னிங், பேக்கிங் மூன்றுக்கும் 4 ரூபாய் வீதம் 2,00,000. கரண்ட் 60,000. கட்டட வாடகை 80,000. சூப்பர்வைசர், மெக்கானிக், ஆபீஸ் ஆட்களின் மாதச் சம்பளம் 1,80,000. மெஷின்களின் தேய்மானம் 60,000. கூட்டினால் 13,80,000 ரூபாய். வரவு 16,00,000. மிச்சம் 2,20,000. மாதத் தொடக்கத்தில் போட்டு வைத்த இந்தக் கணக்கைத்தான் நிலையான பட்ஜெட் என்கிறோம். 50,000 பீஸ் என்ற ஒரே அளவுக்காகப் போட்டது. அந்த மாதம் என்ன நடந்தாலும் மாறாதது.

நடந்தது வேறு. சாயப்பட்டறையில் துணி தாமதமானது. மாத முடிவில் 40,000 பீஸ்தான் தைக்க முடிந்தது. மொத்தச் செலவு 12,24,000. பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் 1,56,000 ரூபாய் குறைவு. தையலில் ஒரு லட்சம் மிச்சம், பேக்கிங்கில் 32,000 மிச்சம், நூலில் 16,000 மிச்சம், கரண்டில்கூட 4,000 மிச்சம். மாதக் கூட்டத்தில் இந்தத் தாளை வைத்தால் எல்லா வரியிலும் நல்ல செய்தி. தையல் பிரிவுக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் பாராட்டுக்குரியவராகத் தெரிகிறார். லாபம் மட்டும் 2,20,000 என்பதிலிருந்து 56,000 ஆகச் சரிந்து நிற்கிறது. எல்லாரும் மிச்சம் பிடித்தார்கள் என்றால் பணம் எங்கே போனது?

பதில் எளிது. 50,000 பீஸ் தைக்க அனுமதித்த பணத்தை 40,000 பீஸ் தைக்க ஆன பணத்தோடு ஒப்பிட்டிருக்கிறோம். தைக்காத பீஸுக்கு நூல் செலவாகவில்லை. அதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

இப்போது அதே பட்ஜெட்டை வேறு விதமாக எழுதுவோம். எந்தெந்தச் செலவு பீஸோடு சேர்ந்து ஏறி இறங்கும், எது அசையாமல் நிற்கும் என்று முதலில் பிரிக்க வேண்டும். தையல், நூல், பேக்கிங் மூன்றும் மாறும் செலவுகள். வாடகை, மாதச் சம்பளம், தேய்மானம் மூன்றும் மாறாச் செலவுகள். கரண்ட் இரண்டும் கெட்டான்: மின்வாரியக் கட்டணத்தில் இணைப்பின் அளவுக்கான நிலைக்கட்டணம் ஒரு பகுதி, ஓடிய யூனிட்டுக்கான கட்டணம் இன்னொரு பகுதி. போதாததற்கு, ஒரு பீஸும் தைக்காவிட்டாலும் ஆபீஸில் விளக்கு எரியும். நம் யூனிட்டில் அசையாத பகுதி 20,000, பீஸோடு ஏறும் பகுதி 80 பைசா என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாறும் செலவு பீஸுக்கு 20 ரூபாய் 80 காசு. மாறாத செலவு மொத்தம் 3,40,000. இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

அனுமதிக்கும் செலவு = 3,40,000 + (20.80 × தைத்த பீஸ்)

இந்த வரிதான் நெகிழ்வு பட்ஜெட். 50,000 பீஸ் போட்டால் பழைய 13,80,000 அப்படியே வருகிறது. இரண்டு பட்ஜெட்டும் பிறந்த இடம் ஒன்றுதான். 40,000 பீஸ் போட்டால் 11,72,000 வருகிறது. அதாவது இந்த யூனிட் தன் வழக்கமான திறமையோடு 40,000 பீஸ் தைத்திருந்தால் 11,72,000 ரூபாய்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனது 12,24,000. மிச்சம் எதுவும் இல்லை. 52,000 ரூபாய் கூடுதலாகவே போயிருக்கிறது.

| செலவு | 50,000 பீஸுக்கான பட்ஜெட் | 40,000 பீஸுக்கு அனுமதி | உண்மையில் ஆனது |
|---|---|---|---|
| தையல் | 7,00,000 | 5,60,000 | 6,00,000 |
| நூல், லேபிள் முதலியன | 1,00,000 | 80,000 | 84,000 |
| செக்கிங், பேக்கிங் | 2,00,000 | 1,60,000 | 1,68,000 |
| கரண்ட் | 60,000 | 52,000 | 56,000 |
| வாடகை | 80,000 | 80,000 | 80,000 |
| மாதச் சம்பளம் | 1,80,000 | 1,80,000 | 1,76,000 |
| தேய்மானம் | 60,000 | 60,000 | 60,000 |
| மொத்தம் | 13,80,000 | 11,72,000 | 12,24,000 |

தையல் வரியைப் பாருங்கள். முதல் நெடுவரிசையோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் சாதகம். நடு நெடுவரிசையோடு ஒப்பிட்டால் 40,000 பாதகம். உண்மையில் ஆனது இரண்டு ஒப்பீட்டிலும் அதே 6,00,000 தான். எதோடு வைத்துப் பார்த்தோம் என்பது மாறியதும் தீர்ப்பே தலைகீழாகிவிட்டது. கரண்டும் அப்படித்தான், நூலும் அப்படித்தான்.

இப்போது லாபம் எங்கே போனது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. ஒரு பீஸுக்கு 32 ரூபாய் வந்து 20.80 போனால் 11.20 மிஞ்சும். வராமல் போன 10,000 பீஸுக்கு 1,12,000 ரூபாய் நஷ்டம். அது அளவு குறைந்ததால் வந்த மாறுபாடு. தைத்த பீஸுக்குக் கூடுதலாகச் செலவழித்தது 52,000. இரண்டையும் கூட்டினால் 1,64,000. திட்டமிட்ட 2,20,000 லாபத்தில் இதைக் கழித்தால் கையில் இருக்கும் 56,000 சரியாக வருகிறது. இந்த இரண்டு தொகைகளையும் பிரித்துக் காட்டுவதுதான் நெகிழ்வு பட்ஜெட் செய்யும் முக்கியமான வேலை என்று நினைக்கிறேன். முதல் தொகைக்கான பதில் ஆர்டர் பிடிப்பவரிடமும் துணி அனுப்புபவரிடமும் இருக்கிறது. இரண்டாவது தொகைக்கான பதில் தையல் கூடத்துக்குள் இருக்கிறது. நிலையான பட்ஜெட் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, யார் கையில் கிடைக்கிறதோ அவர் தலையில் வைத்துவிடும்.

உற்பத்தி கூடிய மாதத்தில் இந்த அநியாயம் எதிர்த்திசையில் நடக்கும். அதுதான் அதிகம் வலிப்பது. அவசர ஆர்டர் வந்து, இரவும் உழைத்து 60,000 பீஸ் தைத்துக் கொடுத்த மாதத்தில் செலவு 15,95,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையான பட்ஜெட் அந்த மாதத்து சூப்பர்வைசரைப் பார்த்து, ‘2,15,000 அதிகம் செலவழித்துவிட்டாய்’ என்று சொல்லும். உழைத்த மாதத்தில் விளக்கம் கேட்டும், துணி வராமல் உட்கார்ந்த மாதத்தில் பாராட்டியும் பழக்கினால், கூடுதல் ஆர்டரை ஏற்கவே பிரிவுத் தலைவர்கள் தயங்கத் தொடங்குவார்கள். பட்ஜெட்டைத் தாண்டக் கூடாது என்பதற்காக மாதக் கடைசியில் ஊசி வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள். மழுங்கிய ஊசி துணியில் ஓட்டை போடும். அந்த ஓட்டை அடுத்த மாதம் செக்கிங்கில் வேறொரு கணக்கில் வந்து உட்காரும்.

பட்ஜெட்டைத் தொழில் கட்டுப்பாட்டுக் கருவியாகப் பேசும் வழக்கம் அமெரிக்காவில் 1920களில் பரவியது. ஜேம்ஸ் மெக்கின்சி 1922இல் வெளியிட்ட ‘பட்ஜெட்டரி கன்ட்ரோல்’ அதில் முக்கியமான நூல். அடுத்து வந்த பெருமந்தத்தில் ஆலைகளின் உற்பத்தி படுவேகமாகச் சரிந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் போட்ட ஒற்றை எண் சில மாதங்களிலேயே பொருளற்றுப் போகிற காலம் அது. ஜான் வில்லியம்ஸ் எழுதிய ‘தி ஃப்ளெக்சிபிள் பட்ஜெட்’ 1934இல் வந்தது.

சூத்திரம் ஒரு வரிதான் என்றாலும் அதிலுள்ள இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. வாடகையைப் பார்த்ததும் சொல்லிவிடலாம், நூலையும் சொல்லிவிடலாம். கரண்ட் போன்ற பகுதி மாறும் செலவை என்ன செய்வது? சிறிய நிறுவனங்கள் செய்யக்கூடிய எளிய வழி ஒன்று இருக்கிறது. கடந்த 12 மாத பில்களை எடுத்து, உற்பத்தி அதிகமாக இருந்த மாதத்தையும் குறைவாக இருந்த மாதத்தையும் மட்டும் எதிரெதிரே வைக்க வேண்டும். நம் யூனிட்டில் அதிகபட்சம் 58,000 பீஸ், பில் 66,400. குறைந்தபட்சம் 35,000 பீஸ், பில் 48,000. வித்தியாசம் 23,000 பீஸுக்கு 18,400 ரூபாய். வகுத்தால் பீஸுக்கு 80 பைசா. 35,000 பீஸுக்கு அந்தக் கணக்கில் 28,000 போக, 48,000இல் மீதி 20,000. அதுதான் அசையாத பகுதி.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அது 12 மாதங்களில் இரண்டே இரண்டை நம்புகிறது. அந்த இரண்டில் ஒன்று தீபாவளி விடுமுறை மாதமாகவோ, பாய்லர் பழுதாகி அயர்னிங்கை வெளியே கொடுத்த மாதமாகவோ இருந்தால் விடை கெட்டுவிடும். அதனால் 12 புள்ளிகளையும் ஒரு கட்டத்தாளில் குறித்துக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டில் போனால் எண்களை நம்பலாம். ஒரு புள்ளி மட்டும் தனியே விலகி நின்றால், அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டு, தேவையானால் விட்டுவிட்டுக் கணக்கிட வேண்டும். புள்ளிகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தால் அந்தச் செலவுக்கும் பீஸ் எண்ணிக்கைக்கும் பெரிய தொடர்பில்லை என்று பொருள். அதை வேறு எதோடு இணைப்பது என்று தேட வேண்டும்.

கோடு எவ்வளவு தூரம் நேராகப் போகும் என்பதிலும் எல்லை உண்டு. 60,000 பீஸ் தைத்த மாதத்துக்குச் சூத்திரத்தை அப்படியே போட்டால் 15,88,000 அனுமதி வரும். ஆனது 15,95,000, அதாவது 7,000 கூடுதல். ஆனால் இந்த யூனிட் ஒரு ஷிப்டில் 55,000 பீஸ் வரைதான் தைக்க முடியும். அதற்கு மேல் போனால் இரவுக்குத் தனியாக ஒரு சூப்பர்வைசர் வேண்டும், சம்பளம் 25,000. மாறாச் செலவு என்று நாம் எழுதியது 55,000 வரை மாறாமல் இருந்து, அதைத் தாண்டியதும் ஒரு படி ஏறுகிறது. அந்தப் படியைச் சேர்த்தால் அனுமதி 16,13,000. உண்மையில் 18,000 மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஆக, ஒரே மாதத்தின் செலவுக்கு மூன்று விதமான தீர்ப்பு: நிலையான பட்ஜெட்டில் 2,15,000 பாதகம், எல்லையை மறந்த சூத்திரத்தில் 7,000 பாதகம், எல்லையைக் கவனித்த சூத்திரத்தில் 18,000 சாதகம். எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை இந்தச் சூத்திரம் செல்லும் என்பதைப் பட்ஜெட் தாளின் தலையிலேயே எழுதி வைப்பது இதற்காகத்தான்.

இதுவரை எல்லாவற்றையும் பீஸ் எண்ணிக்கையால் அளந்தோம். ஒரே ரகம் தைக்கும் வரை அது போதும். அடுத்த மாதம் 40,000 பீஸில் 10,000 பீஸ் காலர் வைத்த போலோ டி-ஷர்ட்டாக வந்தால்? காலர் பிடிக்க வேண்டும், முன்பட்டி வைக்க வேண்டும், பட்டன் தைக்க வேண்டும். நம் யூனிட்டின் கணக்கில் ரவுண்ட் நெக்குக்கு 12 நிமிட உழைப்பு, போலோவுக்கு 24 நிமிடம். ரவுண்ட் நெக் 30,000, போலோ 10,000 என்றால் மொத்தம் 6,00,000 நிமிடம், அதாவது 10,000 மணி நேரம். 50,000 ரவுண்ட் நெக் தைக்கவும் அதே 10,000 மணி நேரம்தான் ஆகும். பீஸை எண்ணினால் மந்தமான மாதம். உழைப்பை எண்ணினால் முழு மாதம். பீஸ் கணக்கில் 5,60,000 மட்டும் தையலுக்கு அனுமதித்துவிட்டு, 7,00,000 ஏன் ஆனது என்று கேட்டால் அந்தக் கேள்வி அநியாயமானது. அதனால்தான் ஆடைத் தொழிலில் ஒவ்வொரு ரகத்துக்கும் நிர்ணய நிமிடம் குறித்து வைக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் அதை எஸ்.ஏ.எம். என்று சொல்வார்கள். பல ரகம் தைக்கிற இடத்தில் நெகிழ்வு பட்ஜெட்டின் அளவுகோல் அந்த நிமிடமாக இருக்க வேண்டும்.

நிமிடத்துக்கு மாறும்போது பலரும் ஒரு குழியில் விழுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். எந்த நிமிடம்? தைத்து முடித்த பீஸுக்கு ஆகியிருக்க வேண்டிய நிமிடமா, உண்மையில் ஆன நிமிடமா?

முதல் மாதத்துக்கே திரும்புவோம். 40,000 ரவுண்ட் நெக், தலா 12 நிமிடம் என்றால் 8,000 மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் வீதம் தையல் அனுமதி 5,60,000. வருகைப் பதிவேட்டில் உண்மையில் பதிவான நேரம் 8,550 மணி. கணக்காளர் வசதிக்காக அந்தப் பதிவேட்டு நேரத்தை எடுத்து 70ஆல் பெருக்கினால் அனுமதி 5,98,500 ஆகிவிடும். சம்பளம் 6,00,000. மாறுபாடு வெறும் 1,500. பாதகமான 40,000 ரூபாயில் 38,500 காணாமல் போய்விட்டது! மெதுவாக வேலை நடந்தால் நேரம் கூடும், நேரம் கூடினால் அனுமதியும் கூடும் என்று ஆனால், எவ்வளவு வீணானாலும் பட்ஜெட் அதற்குத் தலையாட்டிக்கொண்டே போகும். நிலையான பட்ஜெட் உழைத்தவரைத் தண்டித்தது என்றால், இப்படிப் போட்ட நெகிழ்வு பட்ஜெட் எவரையும் எதையும் கேட்காது. பட்ஜெட் நெகிழ வேண்டியது வெளியே போன சரக்கின் அளவுக்காக. உள்ளே போட்ட நேரத்துக்காக அல்ல. உங்கள் நிறுவனத்தில் மாதாமாதம் மாறுபாடுகள் சந்தேகப்படும்படி சின்னதாகவே வந்துகொண்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சரி, 40,000 பாதகம் என்பது நியாயமான எண் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு சூப்பர்வைசர்தான் பொறுப்பா? இங்கேதான் நிதானம் வேண்டும். நெகிழ்வு பட்ஜெட் எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால், 24,000 ரூபாய் துணி வரும் வரும் என்று ஆட்களை வரவழைத்துக் காக்கவைத்த நேரத்துக்கான சம்பளம். மீதி 16,000 ஆல்டர் பீஸ்களைப் பிரித்துத் திரும்பத் தைத்ததற்கு ஆனது. முதலாவதற்குச் சாயப்பட்டறையிடமும், அனுப்பும் தேதியை உறுதி செய்யாத ஏற்றுமதியாளரிடமும்தான் பேச வேண்டும். ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் காத்திருப்புக்கு ஒரு தொகை எழுதியிருந்தால் கேட்டு வாங்கலாம்; எழுதியிருக்காவிட்டால் அடுத்த முறை எழுதலாம். இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் சூப்பர்வைசரோடு பேச்சு. அதிலும், நூலில் 4,000 கூடியதற்கும் செக்கிங்கில் 8,000 கூடியதற்கும் அதே ஆல்டர் பீஸ்கள்தான் காரணமா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வரிகளில் மூன்று பேரிடம் விளக்கம் கேட்டு, மூன்றும் ஒரே மெஷினின் டென்ஷன் கோளாறு என்று பிறகு தெரிவதில் யாருக்கும் பயனில்லை.

சாதகமான மாறுபாட்டையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். மாதச் சம்பளத்தில் 4,000 மிச்சம் என்று அட்டவணையில் இருக்கிறது. மெக்கானிக் சில நாள் வராமல் பிடித்த பணம் அது என்றால், மெஷின் கோளாறு சரியாகாமல் ஆல்டர் கூடியதற்கும் அந்த மிச்சத்துக்கும் தொடர்பு இருக்கலாம். 4,000 மிச்சப்படுத்தப் போய் 16,000 இழந்த கதையாக அது இருக்குமானால், அந்த மிச்சத்தைப் பாராட்ட முடியாது.

நிலையான பட்ஜெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியில் கடன் கேட்க, ஆண்டுக்கு எத்தனை மெஷின் வாங்குவது என்று முடிவு செய்ய, ஒரு திட்டமிட்ட அளவு வேண்டும். அளவு குறைந்ததால் 1,12,000 போனது என்று சொல்ல முடிந்ததே 50,000 என்ற முதல் எண் தாளில் இருந்ததால்தான். அதை எடுத்துவிட்டு நெகிழ்வு பட்ஜெட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆர்டர் பாதியாகக் குறைந்த மாதத்தில்கூட ‘எல்லாம் அனுமதிக்குள் இருக்கிறது’ என்று தாள் சொல்லும். மூன்று நெடுவரிசையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உற்பத்தியோடு தொடர்பில்லாத செலவுகளுக்கு நிலையான பட்ஜெட்தான் பொருத்தம். அரசின் வரவு செலவுத் திட்டமும் அடிப்படையில் நிலையானதுதான். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ மானியக் கோரிக்கைகளை ஏற்று, நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றி, இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று அனுமதி தருகிறது. கூடுதல் வேண்டுமென்றால் துணை மானியக் கோரிக்கையோடு மறுபடி அவைக்கு வர வேண்டும். அங்கே பட்ஜெட் என்பது மக்கள் பிரதிநிதிகள் விதித்த வரம்பு. தானாக நெகிழ அதற்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரு துறைக்குள், ஒரு ஆஸ்பத்திரியின் உணவுச் செலவு ஒதுக்கீட்டுக்குள் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இந்த ஆண்டு வந்த உள்நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அது சரியானதுதானா என்பது வேறொரு கேள்வி. காய்ச்சல் பரவி இரண்டு மடங்கு நோயாளிகள் வந்த ஆண்டில் முதல் கேள்வியை மட்டும் கேட்டால், நன்றாக வேலை செய்த சமையற்கூடம் குற்றவாளியாக நிற்கும்.

தையல் சம்பளத்தை மாறும் செலவு என்று எழுதினோமே, அதையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஷிப்டுக்குச் சம்பளம் என்ற முறையில், வேலை இல்லாத நாளில் டெய்லருக்குப் பணம் இல்லை. 10,000 பீஸ் குறைந்ததால் அனுமதி 7,00,000 என்பதிலிருந்து 5,60,000 ஆக இறங்கியது என்றால், அந்த 1,40,000 ரூபாய் சுமார் 50 குடும்பங்களுக்குப் போகாத வருமானம். அதே ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தில் இந்த வரி மாறாச் செலவாக நிற்கும். அளவு குறைந்த நஷ்டத்தை நிறுவனம் சுமக்கும். அங்கே பீஸுக்கு 14 ரூபாய் என்ற கணக்கைப் போட்டால் ஒவ்வொரு மந்தமான மாதத்திலும் பொய்யான பாதக மாறுபாடு வரும். தையல் கூடத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யாமலே அது வரும். ஆகவே பாடப்புத்தகத்தில் ‘நேரடிக் கூலி மாறும் செலவு’ என்று இருக்கிறது என்பதற்காக அப்படியே எழுதக் கூடாது. நம் இடத்தில் சம்பளம் உண்மையில் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

14 ரூபாய் என்ற எண்ணுக்கும் காலாவதி உண்டு. திருப்பூரில் உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசிப் பல ஆண்டுகளுக்கான சம்பள ஒப்பந்தம் போடுவார்கள். உயர்வு ஆண்டுவாரியாகப் படிப்படியாக அமலுக்கு வரும். அந்தத் தேதியில் மணிக்கு 70 என்பது மாறினால் சூத்திரமும் அன்றே மாற வேண்டும். மாற்றாமல் விட்டால், ஒப்பந்தப்படி கொடுத்த சம்பளமே மாதாமாதம் பாதகமாக விழும். அதே நேரம் மாதம் முடிந்த பிறகு, ‘நூல் விலை ஏறிவிட்டது, 2 ரூபாயை 2 ரூபாய் 10 காசு என்று வைத்துக்கொள்வோம்’ என்று திருத்த இடம் கொடுக்கக் கூடாது. அப்படித் திருத்தினால் நூலின் 4,000 ரூபாய் பாதகம் அப்படியே மறைந்துபோகும், விலை ஏறியது என்ற செய்தியும் கொள்முதல் செய்பவரின் மேசைக்குப் போகாது. வீதங்கள் மாதம் பிறக்கும் முன்பே தாளில் எழுதி, தையல், செக்கிங், கொள்முதல் என ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் புதிதாக நிரப்ப வேண்டிய ஒரே இடம், எத்தனை நிர்ணய நிமிட வேலை முடிந்து வெளியே போனது என்பதுதான்.